அத்தியாயம் 6: ஒரே லாட், இரண்டு பேர்

ஈரோடு மாவட்டத்தில் கொடுமுடிக்குப் பக்கம் ஐந்து ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கும் ஒரு விவசாயி. வடசென்னை சடையங்குப்பத்தில் இரண்டு கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு, கையில் மிஞ்சும் பணத்தில் முன்பேர வணிகம் செய்யும் ஒருவர். இந்த அத்தியாயம் முழுவதும் இவர்கள் இருவரும்தான் வருவார்கள். இருவரும் கணக்குக்காக நான் உருவாக்கிய ஆட்கள். விலைகளும் கணக்கு எளிதாக இருக்க எடுத்துக்கொண்டவை. ஆனால் அவர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் உண்மையானது: என்.சி.டி.இ.எக்ஸ். என்ற சரக்குச் சந்தையின் மஞ்சள் ஒப்பந்தம்.

டிசம்பர் மாதம். விவசாயியின் மஞ்சள் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, காயப்போட்டு, மெருகேற்றி விற்பனைக்குக் கொண்டுபோகப் பங்குனி ஆகிவிடும். அன்றைக்கு ஈரோட்டில் விரலி மஞ்சள் குவிண்டால் 13,000 ரூபாய். என்.சி.டி.இ.எக்ஸ். திரையில் ஏப்ரல் ஒப்பந்தம் 14,000 ரூபாய். விவசாயி ஏப்ரல் ஒப்பந்தத்தில் ஒரு லாட் விற்கிறார். ஒரு லாட் என்பது 5 டன், அதாவது 50 குவிண்டால். அதே நேரம் சடையங்குப்பத்துக்காரர் தம் செல்போனில் ஒரு லாட் வாங்குகிறார். இரண்டு ஆர்டரும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன.

இவர் யார், அவர் யார் என்று இருவருக்குமே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வணிகம் முடிந்த நொடியில் இடையில் ஒரு தீர்வகம் வந்து நின்றுகொள்கிறது. விவசாயிக்கு அதுதான் வாங்கியவர், லாரிக்காரருக்கு அதுதான் விற்றவர். ஒருவர் பணம் கட்டாமல் போனாலும் மற்றவரின் ஒப்பந்தம் அப்படியே நிற்கும். அந்தப் பொறுப்புக்காகத்தான் இருவரிடமும் அது மார்ஜின் வாங்குகிறது. ஒப்பந்தத்தின் மதிப்பு 7,00,000 ரூபாய். மார்ஜின் 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 84,000 ரூபாய். மார்ஜின் நிலையானதல்ல. விலை ஆட்டம் காணத் தொடங்கினால் கூடும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதே விஷயம் விவசாயியைத் தேடி வரும்.

இருவரில் விலைக்காப்பு செய்பவர் யார், ஊக வணிகர் யார்? விவசாயி என்பதால் அவர் விலைக்காப்பாளர், லாரிக்காரர் என்பதால் இவர் ஊகக்காரர் என்று சொல்வது அவசரப் பதில். தொழிலை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஒப்பந்தத்தில் நஷ்டம் வரும் அதே நேரத்தில் வேறோர் இடத்தில் அதே அளவு லாபம் வருமா என்று கேளுங்கள். விவசாயிக்கு வரும். விலை ஏறினால் விற்ற லாட்டில் இழப்பார், ஆனால் நிலத்தில் இருக்கும் மஞ்சளின் மதிப்பு கூடியிருக்கும். லாரிக்காரருக்கு அப்படி எதுவும் இல்லை. விலை இறங்கினால் அவர் இழப்பதை ஈடுகட்ட வேறெங்கும் ஒன்றும் ஏறாது. விலை ஆபத்து விவசாயியிடம் ஏற்கெனவே இருந்தது, அதைக் கைமாற்றினார். லாரிக்காரரோ தம்மிடம் இல்லாத ஆபத்தை விரும்பி வாங்கிக்கொண்டார்.

இதே லாரிக்காரரின் இடத்தில், மசாலா ஆலைக்கு மே மாதம் மஞ்சள் தருவதாக இன்றே விலை பேசிவிட்ட ஒரு வியாபாரி இருந்திருந்தால் அவரும் விலைக்காப்பாளர்தான். விலை ஏறிவிடுமோ என்பது அவருடைய பயம், அதனால் வாங்கி வைக்கிறார். விவசாயிக்கு எதிர்ப்பக்கம் நிற்கப் பொருத்தமான ஆள் உண்மையில் அவர்தான். ஆனால் விவசாயி விற்க நினைக்கும் அன்று, அந்த நேரத்தில், அந்த அளவுக்கு மசாலா வியாபாரி வாங்க வருவார் என்று எந்த உறுதியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் சடையங்குப்பத்துக்காரர் நுழைகிறார். அவரைச் சூதாடி என்று திட்டுகிறவர்கள், அவர் இல்லாத நாளில் அந்தச் சந்தையில் ஒரு லாட் விற்றுப் பார்க்க வேண்டும். கேட்கும் விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்திலேயே குவிண்டாலுக்கு நூற்றுக்கணக்கில் போய்விடும்.

இனி அன்றாடக் கணக்கு. முன்பேர வணிகத்தில் லாப நஷ்டம் ஏப்ரல் வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு நாள் மாலையும் சந்தை ஒரு முடிவு விலையை அறிவிக்கிறது, அந்த விலையில் இருவரின் கணக்கும் நேராக்கப்படுகிறது. தரகர்கள் இதை எம்.டி.எம். என்பார்கள். ஒரு லாட்டில் 50 குவிண்டால் என்பதால், விலை ஒரு ரூபாய் அசைந்தால் 50 ரூபாய் கைமாறும். முதல் நாள் மாலை 14,200 என்று முடிந்தால் விவசாயி கணக்கிலிருந்து 10,000 ரூபாய் போகும், லாரிக்காரர் கணக்கில் 10,000 ரூபாய் வரும். ஜனவரியில் 15,600 வரை ஏறினால் அதுவரை போனது மொத்தம் 80,000 ரூபாய். போட்ட மார்ஜின் கிட்டத்தட்ட காலி. தரகர் அலுவலகத்திலிருந்து போன் வரும்: “அண்ணா, நாளைக்குக் காலையில சந்தை திறக்கறதுக்குள்ள பணம் போட்டுடுங்க. இல்லைன்னா நாங்களே லாட்டை வெட்டிடுவோம்.”

விவசாயிக்கு இது புரியாத இடம். மஞ்சள் விலை ஏறியிருக்கிறது, அவர் மஞ்சள் விளைவிப்பவர், அப்படியிருக்கப் பணம் கேட்கிறார்கள். ஏறிய மதிப்பு மண்ணுக்குள் கிடக்கிறது. அதை வெட்டி விற்றால்தான் காசு. தரகருக்கோ நாளைக் காலை காசு வேண்டும். கணக்கில் விவசாயிக்கு நஷ்டமே இல்லை, ஆனாலும் கையில் ரொக்கம் இல்லாததால் லாட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டியபின் பிப்ரவரியில் விலை சரிந்தால், நஷ்டத்தையும் கட்டிவிட்டுக் காப்பையும் இழந்து நிற்பார். விலைக்காப்பு எடுத்த விவசாயிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் விலையைத் தவறாகக் கணித்ததால் அல்ல. ஜனவரிக்கான ரொக்கத்தை டிசம்பரில் யோசிக்காததால்தான்.

அவர் எப்படியோ பணம் கட்டித் தாக்குப்பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விளைச்சல் 100 குவிண்டால். அதில் பாதிக்குத்தான் காப்பு எடுத்திருக்கிறார். ஏப்ரலில் இரண்டில் ஒன்று நடக்கலாம்.

வரத்து குவிந்து விலை இறங்கியது. ஒப்பந்தம் 12,000, ஈரோட்டில் விரலி 11,200. திரையில் 12,000 ரூபாய்க்கு ஒரு லாட் திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கிறார். குவிண்டாலுக்கு 2,000 வீதம் 1,00,000 ரூபாய் லாபம். மஞ்சளை வழக்கம்போல் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ, கோபி கூட்டுறவுச் சங்கத்திலோ ஏலத்தில் விற்கிறார். காப்பு எடுத்த 50 குவிண்டாலுக்கு ஏல விலை 11,200, அதோடு 2,000 சேர்த்தால் 13,200. சடையங்குப்பத்துக்காரர் அந்த ஒரு லட்சத்தை இழந்தவர்களில் ஒருவர், இடையில் வெளியேறாமல் இருந்திருந்தால்.

அல்லது விலை ஏறியது. ஒப்பந்தம் 17,500, ஈரோடு 16,500. விவசாயி 3,500 ரூபாய் அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். நஷ்டம் 1,75,000 ரூபாய். ஏலத்தில் 16,500 கிடைக்கிறது. அதில் 3,500 கழித்தால் 13,000. அக்கம்பக்கத்தார் 16,500 வாங்கிப்போக, இவர் பாதி மஞ்சளுக்கு 13,000 வாங்கியவர் ஆகிறார். வீட்டில் சண்டை வரும் ஆண்டு இதுதான். ஆனால் காப்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது. விலை 12,000 ஆனபோதும் 17,500 ஆனபோதும் அந்தப் பாதிக்கு அவருக்குக் கிடைத்தது சுமார் 13,000. டிசம்பரில் அவர் வாங்கிக்கொண்டது அந்த உறுதியைத்தான். ஏற்றத்தில் பங்கு வேண்டும் என்பதற்காகத்தான் மற்றப் பாதியைக் காப்பில்லாமல் விட்டார்.

இங்கே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அவர் விற்றது 14,000-க்கு, கிடைத்தது 13,200, அல்லது 13,000. மீதி எங்கே போனது? யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. என்.சி.டி.இ.எக்ஸ். மஞ்சள் ஒப்பந்தத்தின் விலை தெலங்கானாவின் நிஜாமாபாத்தை அடிப்படையாகக் கொண்டது. கொடுமுடி மஞ்சள் ஈரோட்டில் விலை போகிறது. ரகம் வேறு, மெருகு வேறு, வாங்குகிறவர்கள் வேறு. ஆகவே இரண்டு விலைக்கும் நடுவே எப்போதும் ஒரு வித்தியாசம் இருக்கும். இதைத் தரகர்கள் பேசிஸ் என்கிறார்கள். டிசம்பரில் அது 1,000 ரூபாய், ஏப்ரலில் முதல் கதையில் 800, இரண்டாவதில் 1,000. முன்பேர ஒப்பந்தம் மஞ்சள் விலையின் பெரிய ஏற்ற இறக்கத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதில் இந்தச் சின்ன வித்தியாசத்தின் ஏற்ற இறக்கத்தை விவசாயியிடம் விட்டுப்போகிறது.

சின்ன வித்தியாசம் எப்போதும் சின்னதாகவே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஈரோட்டில் மட்டும் மழை பெய்து மஞ்சள் கறுத்துவிட்டால், நிஜாமாபாத்தில் விலை அப்படியே இருக்க இங்கே மட்டும் சரியும். அந்தச் சரிவுக்கு எந்த ஒப்பந்தமும் ஈடு தராது. குண்டு மஞ்சள் அதிகம் விழுந்த ஆண்டிலும் இதே சிக்கல், ஏனென்றால் ஒப்பந்தம் விரலிக்கானது. எனவே லாட் விற்பதற்கு முன் ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒருமுறை ஒப்பந்த விலையையும், உங்கள் கூடத்தில் உங்கள் தர மஞ்சள் போன விலையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பருவம் முழுக்க எழுதினால், 14,000 என்று திரையில் பார்க்கும்போது அது உங்களுக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அந்த எண் உங்கள் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்றால் விற்காதீர்கள். கட்டுப்படியாகாத விலையைப் பூட்டி வைப்பதில் பயனில்லை.

அடுத்து, எவ்வளவு ரொக்கம் ஒதுக்க வேண்டும் என்பது. மார்ஜின் 84,000. விலை 30 விழுக்காடு எதிராகப் போனால் குவிண்டாலுக்கு 4,200, லாட்டுக்கு 2,10,000. ஆக ஒரு லாட்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கையில் இருக்க வேண்டும், வேறெதற்கும் தொடாத பணமாக. பெரிய தொகைதான். ஆனால் மஞ்சளின் வரலாறு தெரிந்தவர்கள் இதையும் போதாது என்பார்கள். 2023 கோடையில் குவிண்டால் 7,000 ரூபாயை ஒட்டி இருந்த மஞ்சள், ஆகஸ்டுக்குள் இரட்டிப்புக்கும் மேல் போனது. 7,000-க்கு ஒரு லாட் விற்றவரின் ஒப்பந்த மதிப்பு 3,50,000. அவர் இடையில் முடிக்காமல் இருந்திருந்தால் கட்டவேண்டிய நஷ்டம் அந்த மதிப்பையே தாண்டியிருக்கும். ஏறும்போது மார்ஜினும் சேர்ந்து ஏறும். எதிர்த்திசையிலும் மஞ்சள் சளைத்ததல்ல. 2011 தொடக்கத்தில் ஈரோட்டில் 15,000-க்கு மேல் விற்றது, அடுத்த ஆண்டே 4,000-க்குப் பக்கத்தில் கிடந்தது. காப்பு தேவை என்பதற்கும், காப்பு எடுத்தவர் மூச்சுத் திணறுவார் என்பதற்கும் ஒரே காரணம்தான்.

இதனால் என் கருத்து: இரண்டரை ஏக்கருக்குக் குறைவாக மஞ்சள் போடுகிறவர் தனியாக இந்தச் சந்தைக்குப் போக வேண்டாம். ஏக்கருக்கு 20 முதல் 25 குவிண்டால் காய்ந்த மஞ்சள் என்றால் ஒரு லாட்டுக்கே இரண்டு, இரண்டரை ஏக்கர் விளைச்சல் வேண்டும். அதற்கும் குறைவாக விளைவித்து ஒரு லாட் விற்றால், மிஞ்சிய பங்குக்கு அவர் வெறும் ஊக வணிகர்தான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பலருடைய மஞ்சளைச் சேர்த்து, நிறுவனத்தின் பெயரில் லாட் விற்று, எம்.டி.எம். பணத்துக்கு வங்கியில் முன்கூட்டியே ஒரு கடன் வரம்பு வாங்கி வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. அந்த நிறுவனத்தின் பேரவையில் ஒரு தீர்மானமும் வேண்டும்: எந்த விலையில், விளைச்சலில் எத்தனை பங்குக்கு விற்பது என்று. இல்லையென்றால் விலை ஏறிய ஆண்டில் தலைமைச் செயல் அலுவலர்தான் கூண்டில் நிற்பார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். விற்ற லாட்டில் நஷ்டம் வரும்போது, “இன்னும் எவ்வளவு ஏறிவிடும், இங்கேயும் ஒன்று விற்போம்” என்று இரண்டாவது, மூன்றாவது லாட் விற்பது. நூறு குவிண்டால் விளைச்சலுக்கு மூன்று லாட், அதாவது 150 குவிண்டால் விற்றவர், ஐம்பது குவிண்டாலுக்குச் சடையங்குப்பத்துக்காரரின் தொழிலைத்தான் செய்கிறார், அவருடைய பழக்கமோ பணமோ இல்லாமல். மறுபுறம், விலை இறங்கி லாபம் வந்ததும் அறுவடைக்கு முன்பே லாட்டை முடித்துவிட்டு, மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றத்துக்குக் காத்திருப்பதும் ஊகமே. மஞ்சள் ஏலத்தில் போன அன்றே லாட்டையும் முடிப்பதுதான் விலைக்காப்பு. ஒரு பகுதியை விற்றால் அந்த அளவுக்கு முடிக்க வேண்டும்.

இப்போது மறுபக்கம். லாரிக்காரர் ஏன் வாங்கினார்? நல்ல ஊக வணிகரிடம் இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் இருக்கும்: மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலி, நாந்தேடு பக்கம் பரப்பு குறைந்திருக்கிறது, பருவம் தப்பிய மழையில் கிழங்கு அழுகுகிறது, ஆகவே வரத்து குறையும் என்பது போல. அந்த வாக்கியத்தோடு இன்னொன்றும் வேண்டும்: எந்த விலை வந்தால் தம் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொண்டு வெளியேறுவார் என்பது. 14,000-க்கு வாங்கியவர் 13,400-ல் வெளியேறுவதாக முடிவு செய்தால் அவருடைய நஷ்டம் 30,000 ரூபாய், அதிகம் போனால் அதற்குச் சற்று மேல். சற்று மேல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாளில் விலை இவ்வளவுதான் அசையலாம் என்று சந்தை எல்லை வைத்திருக்கிறது. கீழ் எல்லையைத் தொட்டு நின்றால் விற்கிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஆள் இருக்காது. அன்று வெளியேற முடியாமல் மறுநாள் இன்னும் கீழே வெளியேற நேரும்.

சடையங்குப்பத்தில் இருப்பவருக்கு இன்னொரு தனிக் கவனம். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் முதலில் தண்ணீர் நிற்கும் ஊர்களில் அதுவும் ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல பகுதிகள் மின்சாரமும் இணையமும் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தன. திறந்த லாட்டோடு அப்படி மாட்டிக்கொண்டால் செல்போன் திரை உதவாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லாட் வைத்திருப்பவர் வாங்கும்போதே நஷ்ட எல்லை ஆர்டரையும் போட்டு வைக்க வேண்டும், அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று தரகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தரகரின் டீலர் மேசை எண்ணைக் காகிதத்திலும் எழுதி வைப்பது நல்லது.

மஞ்சள் ஒப்பந்தம் சரக்கு கைமாற்றத்தில் முடியும் ஒப்பந்தம். கடைசி நாள்களில் கணக்கை முடிக்காமல் விட்டால், வாங்கியவர் முழுப் பணமும் கட்டி சந்தை அங்கீகரித்த கிடங்கில் ஐந்து டன் மஞ்சளுக்குச் சொந்தக்காரர் ஆவார். விற்றவர் அத்தகைய கிடங்கில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், தவறினால் அபராதம். விவசாயியும் லாரிக்காரரும் இதற்கு ஆயத்தமில்லாதவர்கள். ஆகவே கைமாற்றக் காலம் தொடங்கும் தேதியைத் தரகரிடம் கேட்டு, அதற்கு முன் வெளியேறிவிட வேண்டும். கிடங்குச் சரக்கு தானே, வாங்கிப் பிறகு விற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு மிளகின் கதை உண்டு. 2012 டிசம்பரில், கொச்சிப் பக்கத்துக் கிடங்குகளில் இதே சந்தைக்காக வைத்திருந்த ஆறாயிரம் டன்னுக்கு மேற்பட்ட மிளகில் கனிம எண்ணெய் கலந்திருக்கிறது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். தரச் சான்றிதழோடு வாங்கியவர்கள் தங்கள் மிளகை எடுக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கடைசியாக இரண்டு சோதனைகள், இரு தரப்புக்கும் பொது. நீங்கள் போட்ட ஆர்டர் சந்தைக்குத்தான் போனதா? தெருவுக்குத் தெரு “மார்ஜின் வேண்டாம், பில் வேண்டாம்” என்று லாட் எழுதிக்கொள்ளும் டப்பா வியாபாரிகள் உண்டு. அது சட்டவிரோதம். அங்கே எழுதும் லாட்டுக்குப் பின்னால் தீர்வகம் இல்லை, நீங்கள் ஜெயித்தால் அவர் கடையை மூடிவிடலாம். வணிகம் நடந்த அன்றே சந்தையிலிருந்து நேராக உங்கள் செல்போனுக்குக் குறுஞ்செய்தியும், 24 மணி நேரத்துக்குள் தரகரிடமிருந்து ஒப்பந்தக் குறிப்பும் வர வேண்டும். இரண்டில் ஒன்று வரவில்லையென்றாலும் அடுத்த லாட் போடாதீர்கள்.

மற்றொன்று, அந்தப் பொருளுக்கு இப்போது சந்தை திறந்திருக்கிறதா என்பது. 2021 டிசம்பர் 20 அன்று செபி ஒரே உத்தரவில் பாஸ்மதி அல்லாத நெல், கோதுமை, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு ஆகிய ஐந்தின் முன்பேர வணிகத்தை நிறுத்தியது. கொண்டைக்கடலையும் கடுகும் அதே ஆண்டில் அதற்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தன. ஓராண்டுக்கு என்று தொடங்கிய தடை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. மஞ்சள் அந்தப் பட்டியலில் இல்லை. தடை செய்யப்பட்ட பொருள்களில் ஏற்கெனவே லாட் வைத்திருந்தவர்கள் வெளியேற மட்டும் அனுமதிக்கப்பட்டார்கள், புதிதாக யாரும் நுழைய முடியவில்லை. இப்படி ஓர் உத்தரவு வந்தால் அன்றே வெளியேறுங்கள். வெளியேற மட்டுமே வழி இருக்கும் சந்தையில் நாளுக்கு நாள் எதிர்ப்பக்கத்து ஆள் குறைந்துகொண்டே வருவார்.